பத்துக் கிலோமீற்றருக்கு இருபது வாரம்

(கல்முனையில் பொதுமக்கள் முன் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)





சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு நடக்கப் புறப்படுகிறவர்கள் இன்று நம்முடைய ஊர்களில் நிறையப் பேர். மருதமுனையில் இருந்து நிந்தவூர் வரைக்கும் எந்தக் கடற்கரையிலும் அவர்களைக் காணலாம். அவர்களில் சிலர் ஒரு கட்டத்தில் ஓடவும் தொடங்குகிறார்கள். வைத்தியர் சீனியைக் குறைக்கச் சொல்லியிருப்பார். அல்லது கூட்டாளி ஒருவர் எங்கோ பத்துக் கிலோமீற்றர் ஓடி முடித்துப் படம் அனுப்பியிருப்பார். முதல் இரண்டு வாரமும் ஆள் உற்சாகமாக இருப்பார். மூன்றாம், நான்காம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி பிடிக்கும். எண்ணெய் தேய்ப்பார், இரண்டு நாள் பொறுப்பார், திரும்பவும் ஓடுவார். ஆறாம் வாரத்தில் அவரைக் கடற்கரையில் காண முடியாது. கேட்டால், “என்ட காலுக்கு ஓட்டம் சரிவராது” என்பார்.

அவருடைய காலில் ஒரு குறையும் இல்லை. அவர் தூரத்தைக் கூட்டிய விதத்தில்தான் குறை. எந்த நாளில் எவ்வளவு கூட்டுவது, எந்த நாளில் ஒன்றும் செய்யாமல் இருப்பது என்பதைத்தான் இன்று விளக்கமாகப் பேச நினைக்கிறேன்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஓடத் தொடங்கிய ஒரு வாரத்திலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடத் தொடங்குகிறது. ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் இரத்தம் அதிகமாகிறது. மூச்சு இரைப்பது குறைகிறது. அதனால்தான் இரண்டாம் வாரம் முடியும்போது “இப்ப நல்லா ஓட ஏலுது” என்ற எண்ணம் வருகிறது. அந்த எண்ணம் உண்மைதான். ஆனால் அது இதயத்துக்கும் மூச்சுக்கும் மட்டும் உண்மை.

எலும்பு வேறு கணக்கில் போகிறது. ஓட்டத்தின் அடி விழுந்ததும் எலும்பு தன்னைப் பலப்படுத்தத் தொடங்குகிறது. ஆனால் பலப்படுத்துவதற்கு முன் பழையதைக் கரைக்கிறது. ரோட்டைப் புதிதாகப் போடுகிறவர்கள் முதலில் பழைய தாரைக் கிண்டி எடுப்பது மாதிரி. கரைக்கிற வேலை இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். அந்த இடத்தைப் புது எலும்பால் நிரப்பி இறுக்க மூன்று மாதம் வரை எடுக்கும். ஆகவே ஓடத் தொடங்கி மூன்றாம் நான்காம் வாரத்தில், மூச்சு நன்றாகப் பழகிய அதே நேரத்தில், கால் எலும்பு தொடங்கிய நாளில் இருந்ததை விடவும் சற்றுப் பலவீனமாக இருக்கக்கூடும். ஆள் தெம்பாக உணர்ந்து தூரத்தை இரட்டிப்பாக்குவதும் அந்த வாரத்தில்தான்.

இது படைமுகாம்களில் வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. 1855இல் பிரஷ்ய இராணுவ வைத்தியர் பிரைட்ஹவுப்ட், நீண்ட அணிநடைக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதி வைத்தார். எக்ஸ்கதிர் வந்த பிறகுதான் அது பாத எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்பு என்று தெரிந்தது. இன்றும் படையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த வெடிப்பு அதிகம் வருவது பயிற்சியின் முதல் வாரங்களில்தான்.

நாண்களுக்கு, அதாவது தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் கயிறு போன்ற பகுதிகளுக்கு, இன்னொரு கணக்கு. ஓடி முடித்த பிறகு முதல் ஒன்று ஒன்றரை நாள் வரைக்கும் நாணில் சிதைவது கூட, கட்டப்படுவது குறைவு. அதற்குப் பிறகுதான் கட்டுமானம் சிதைவை முந்துகிறது. அது மூன்றாம் நாள் வரைக்கும் தொடரும். இன்று காலையும் ஓடி நாளைக் காலையும் ஓடினால், நாண் இன்னும் நட்டத்தில் நிற்கும்போதே அடுத்த அடியைக் கொடுக்கிறோம். புதிதாக ஓடுகிறவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட வேண்டும் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். ஓய்வு நாள் பயிற்சியில் விழுந்த விடுப்பு அல்ல, நாண் கட்டப்படுகிற நாள். அன்றைக்கு அரை மணி நேரம் நடக்கலாம், சைக்கிள் ஓடலாம். குதிக்கிற, துள்ளுகிற வேலை கூடாது.

அடுத்தது, எவ்வளவு கூட்டுவது. ஓடுகிறவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: வாரத்துக்குப் பத்து வீதம். இந்த விதியை நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே ஆண்டுதோறும் நான்கு மைல் ஓட்டம் ஒன்று நடக்கிறது. அதற்குத் தயாராகிய புதியவர்கள் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பத்து வீத விதியின்படி 13 வாரத் திட்டம். மற்றவர்களுக்கு வேகமாகக் கூடும் 8 வாரத் திட்டம். 2008இல் வெளிவந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. இரண்டு பகுதியிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம். மெதுவாகக் கூட்டியவர்களுக்கு அதனால் ஒரு பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

அப்படியானால் மெதுவாகக் கூட்டுவதில் பயன் இல்லையா? அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. 2014இல் டென்மார்க்கில் இருந்து வந்த ஓர் ஆய்வு, இரண்டு வாரத்துக்குள் முப்பது வீதத்துக்கு மேல் கூட்டிய புதியவர்களுக்குத் தூரத்தால் வருகிற காயங்கள் கூடுதலாக வந்ததைக் காட்டியது. பிறகு 2025இல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை ஒன்றரை வருடம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வு வந்தது. வாரத்தின் மொத்தத் தூரம் கூடியதற்கும் காயத்துக்கும் அதில் எதிர்பார்த்த தொடர்பு தெரியவில்லை. தெரிந்த தொடர்பு ஒன்றுதான்: ஒரே ஓட்டத்தில், கடந்த முப்பது நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தை விடப் பத்து வீதத்துக்கு மேல் தாண்டியவர்களுக்குக் காயம் கூடியது. இரண்டு மடங்குக்கு மேல் தாண்டியவர்களுக்கு மிக அதிகம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள், ஓடிப் பழகியவர்கள்; புதியவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பழகிய காலுக்கே அந்தக் கதி என்றால் பழகாத காலுக்கு இன்னும் கவனம் வேண்டும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “கடந்த முப்பது நாளில் ஒரே மூச்சில் நான் ஓடிய கூடிய தூரம் எவ்வளவு?” இன்றைக்கு அதற்கு மேல் அரைக் கிலோமீற்றர். அவ்வளவுதான்.

இதை ஓர் ஆளில் வைத்துப் பார்ப்போம். சாய்ந்தமருதில் கடை வைத்திருக்கும் ஒரு காக்கா என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாற்பது வயது. அரை மணி நேரம் நடப்பார், எடை கொஞ்சம் கூட, வேறு வருத்தம் இல்லை. கடை திறப்பதற்கு முன் காலையில்தான் நேரம். ஜும்ஆ நாளான வெள்ளியை விட்டுவிடுவோம். செவ்வாய், வியாழன் சிறிய ஓட்டம். ஞாயிறு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்துக்கு முன் வெள்ளி, சனி என்று இரண்டு நாள் கால் ஆறுகிறது.

முதல் நான்கு வாரமும் கிலோமீற்றரை எண்ணவே வேண்டாம், நேரம் மட்டும். மூன்று நாளும் அரை மணி நேரம். முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடப்பது, பத்துத் தடவை. இரண்டாம் வாரத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மூன்றாம் வாரத்தில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். எலும்பு பலவீனமாக இருக்கிற வாரம் அது, ஒன்றையும் கூட்டுவதில்லை. நான்காம் வாரத்தில் நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. மூன்றாம் வாரத்தில் காக்காவுக்குச் சலிப்பு வரும், “இன்னும் ஓடலாமே” என்று தோன்றும். அந்த ஆசையை அடக்கினால் திட்டத்தின் கடினமான பகுதி முடிந்தது.

ஐந்தாம் வாரத்தில் இருந்து தூரம். ஞாயிற்றுக்கிழமை நான்கு கிலோமீற்றர், செவ்வாயும் வியாழனும் மூன்று மூன்று. ஆறாம் வாரம் ஞாயிறு நாலரை, ஏழாம் வாரம் ஐந்து. இந்த இரண்டு படியும் பத்து வீதத்தைச் சற்றே தாண்டும், அதனால் இடையில் நடந்து கொடுக்க வேண்டும். எட்டாம் வாரம் மறுபடி நான்குக்கு இறக்கம். ஒன்பதாம் வாரத்தில் இருந்து ஐந்தரை, ஆறு, ஆறரை. பன்னிரண்டில் ஐந்துக்கு இறக்கம். பிறகு ஏழு, ஏழரை, எட்டு. பதினாறில் ஆறுக்கு இறக்கம். பதினேழில் எட்டரை, பதினெட்டில் ஒன்பது. பத்தொன்பதாம் வாரம் ஐந்து மட்டும். இருபதாம் வாரம் ஞாயிறு பத்து; அந்த ஒரு படி மட்டும் முழுக் கிலோமீற்றர்.

சிறிய ஓட்டங்களும் வளரும், ஆனால் இரண்டையும் ஒரே வாரத்தில் நீட்டக் கூடாது. ஒன்பதாம் வாரத்தில் செவ்வாயை நான்காக்கினால், வியாழன் நான்காவது பத்தாம் வாரத்தில். பதின்மூன்றில் செவ்வாய் ஐந்து, பதினான்கில் வியாழன் ஐந்து. அதற்கு மேல் தேவையில்லை. இப்படிப் போனால் ஐந்தாம் வாரத்தில் மொத்தம் பத்துக் கிலோமீற்றர் ஓடிய ஆள் பதினெட்டாம் வாரத்தில் பத்தொன்பது ஓடுவார். நான்கு வாரத்துக்கு ஒரு தடவை இறக்குவதை வீண் என்று பலர் தாண்டிப் போகிறார்கள். எலும்பு நிரப்புகிற வேலை கரைக்கிற வேலையை எட்டிப் பிடிக்க அந்த வாரம் வேண்டும்.

கைபேசியில் எட்டு வாரத் திட்டம், பத்து வாரத் திட்டம் என்று கிடைக்கிறதே, இருபது எதற்கு என்று கேட்பீர்கள். அந்தத் திட்டங்களில் பல, ஏற்கெனவே ஐந்து கிலோமீற்றர் ஓடக்கூடியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நடக்க மட்டும் தெரிந்த நாற்பது வயதுக்காரருக்கு அது பொருந்தாது.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வசனம் பேச முடிய வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் வேகம் கூடிவிட்டது. காக்காவுக்குக் கிலோமீற்றருக்கு எட்டு நிமிடம் அளவில் வரலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதே உழைப்புக்கு இன்னும் மெதுவாகத்தான் வரும்; கடிகாரத்தைப் பார்த்து உடம்பை விரட்டக் கூடாது. வெயில் ஏறுவதற்கு முன், ஆறரை மணிக்குள் முடிப்பது நல்லது. அதனால் சுபஹுக்குப் பிறகுள்ள நேரத்தை விடச் சிறந்தது நமக்கு இல்லை.

எங்கே ஓடுவது என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நமக்குக் கடற்கரை இருக்கிறது, மணல் மெத்தென்று இருக்கிறது, காலுக்கு நல்லது என்று நினைக்கிறோம். காய்ந்த மணலில் குதிகால் புதைந்து, ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்காலும் குதிகால் நாணும் கூடுதலாக இழுபடும். அலை நனைத்த மணல் இறுக்கமானதுதான், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் முழுக்கப் பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கும். புதியவர் முதல் பன்னிரண்டு வாரமும் மணலை விட்டுவிட்டு மைதானத்திலோ கடற்கரை வீதியிலோ ஓடட்டும். கல்முனைக்குடியில் இருப்பவர்கள் கடற்கரைப் பள்ளியடியில் தொடங்கி, மோட்டார் சைக்கிள் மீற்றரில் ஒரு தடவை அளந்து, அரைக் கிலோமீற்றருக்கு ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும். கடிகாரமும் செயலியும் தேவையில்லை. பிரதான வீதியில் ஓட வேண்டி வந்தால் வலது பக்கமாக, வாகனத்துக்கு எதிர்முகமாக ஓடுங்கள். தார் வீதியும் ஓரத்துக்குச் சரிந்திருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பெண்களுக்கு வீதியில் ஓடுவது எல்லா ஊரிலும் இலகுவாக இல்லை. பாடசாலை மைதானத்தில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓடுவது நடக்கக்கூடிய வழி. மைதானத்தின் ஒரு சுற்றை அளந்துவிட்டால் இதே திட்டம் பொருந்தும். சுற்றும் திசையை மட்டும் நாளுக்கு நாள் மாற்ற வேண்டும். தளர்வான மெல்லிய துணி, உள்ளே நன்கு தாங்கும் ஆடை, காலைத் தடுக்காத நீளம். இவற்றோடு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒழுங்காகத் தூங்கியும் சாப்பிட்டும் களைப்பு வாரக்கணக்கில் குறையவில்லை என்றால் இரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு நம் பெண்களிடம் சாதாரணம். அதை வைத்துக்கொண்டு ஓடினால் எந்தத் திட்டமும் வேலை செய்யாது.

இனி நோன்பு. இருபது வாரத் திட்டம் என்றால் பல வருடங்களில் ரமழான் நடுவில் வந்துதான் தீரும். பலர் இரண்டு விதமாகப் போகிறார்கள்: ஒரு மாதம் முழுக்க விட்டுவிடுவார்கள், அல்லது நோன்போடு பழையபடி ஓடப் பார்ப்பார்கள். இரண்டும் சரியில்லை. வாரத்தில் மூன்று நாள், நோன்பு திறக்க முக்கால் மணி நேரம் இருக்கையில் இருபது இருபத்தைந்து நிமிடம் மெதுவாக ஓடுங்கள். முடித்துச் சற்று ஆறியதும் நோன்பு திறந்து நீர் குடிக்கலாம். தறாவீஹுக்குப் பிறகு ஓட விருப்பமானவர்கள் அப்படியும் செய்யலாம், தூக்கத்தைக் கவனித்துக்கொண்டு. தலை சுற்றினால் அன்றைக்கு நடை மட்டும். சீனி வருத்தத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் நோன்போடு ஓடவே கூடாது.

ஆபத்து நோன்பில் இல்லை, நோன்புக்குப் பிறகு வருகிற வாரத்தில் இருக்கிறது. நம்முடைய கேள்வியை நினைத்துப் பாருங்கள்: கடந்த முப்பது நாளில் ஓடிய கூடிய தூரம் எவ்வளவு? ரமழான் இருபத்தொன்பதோ முப்பதோ நாள். அதற்கு முன் நீங்கள் எட்டுக் கிலோமீற்றர் ஓடியிருக்கலாம். ஆனால் பெருநாளன்று உங்கள் காலின் கணக்கில் இருப்பது மூன்று கிலோமீற்றர்தான். எட்டு என்று நினைத்து ஓடினால் அது இரண்டு மடங்குக்கும் மேலான பாய்ச்சல். பெருநாளுக்குப் பிறகு மூன்றரை, நான்கு, நாலரை, ஐந்து என்று ஏறுங்கள். ஐந்து வலியில்லாமல் போனால் பிறகு ஒரு வாரத்துக்கு ஒரு கிலோமீற்றர் ஏறலாம் என்பது என் அனுபவம். பழைய பயிற்சி முழுக்க அழிந்து போவதில்லை.

பெருநாள் என்றதும் இன்னொன்று. நம்முடைய இளைஞர்கள் பெருநாள் மூன்றாம் நாள் உதைபந்து மைதானத்தில் நிற்பார்கள். தொண்ணூறு நிமிடம், திடீர்ப் பாய்ச்சல், திடீர் நிறுத்தம். அதைப் பயிற்சிக் கணக்கில் யாரும் எழுதுவதில்லை, ஆனால் எலும்பு எழுதிக்கொள்ளும். மென்பந்து கிரிக்கெட்டும் அப்படித்தான். பந்தாடிய நாளை ஓடிய நாளாக எண்ணி, அந்த வாரத்தில் ஒரு சிறிய ஓட்டத்தை எடுத்துவிடுங்கள்.

வலி வந்தால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? முன்னெலும்பின் உள் ஓரத்தை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வாருங்கள். நாலைந்து விரல்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓடத் தொடங்கும்போது வலித்துச் சூடேறியதும் குறைந்தால், அது எலும்பை ஒட்டிய இடத்தின் எரிச்சல். ஒரு வாரம் ஓடாமல் நடந்து, பிறகு இரண்டு படி இறங்கித் தொடங்கலாம். ஒற்றை விரல் நுனி அளவு ஓர் இடத்தில் மட்டும் சுரீர் என்று வலித்தால், ஓட ஓட வலி கூடினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், அந்தக் காலில் ஒரு தடவை துள்ளவும் முடியாவிட்டால், அது வெடிப்பாக இருக்கலாம். அன்றோடு ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். முதல் எக்ஸ்கதிரில் ஒன்றும் தெரியாமல் போகலாம்; இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் அது படத்தில் விழும். படம் சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள் என்று மறுநாள் ஓடக் கூடாது. நெஞ்சில் இறுக்கம், மயக்கம் என்றால் ஓட்டத்தைப் பற்றிய பேச்சே இல்லை, நேரே வைத்தியசாலைக்கு.

மற்ற வலிகளுக்கு மறுநாள் காலையே அளவுகோல். படுக்கையில் இருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடியில் குதிகாலோ முழங்காலோ நேற்றைய காலையை விடக் கூடுதலாக வலித்தால், நேற்று ஓடியது கூடிவிட்டது. அடுத்த ஓட்டத்தைக் குறையுங்கள்.

இருபதாம் வாரம் ஞாயிறுக்கு முன் வியாழனில் மூன்று கிலோமீற்றர் மட்டும். முதல் நாள் இரவு வழக்கமாகச் சாப்பிடுகிற சோறு, புதிதாக ஒன்றும் வேண்டாம். காலையில் இரண்டு பேரீச்சம்பழமோ ஒரு வாழைப்பழமோ, ஒரு கோப்பை நீர். முதல் மூன்று கிலோமீற்றரையும் வெட்கப்படுகிற அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். கூட ஓடுகிறவர்கள் முந்தட்டும். ஒவ்வொரு இரண்டு கிலோமீற்றருக்கும் ஒரு நிமிடம் நடந்து, அப்போது நீர் குடிக்கலாம். ஒன்பதாவது கிலோமீற்றர் வரை உங்கள் கால் போய் வந்திருக்கிறது. கடைசி ஒன்றுதான் புதியது, அதில் தேவையானால் நடந்து முடியுங்கள். எண்பது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ எடுக்கும். பிறகு செவ்வாய்க்கிழமை ஓட வேண்டாம். வியாழன் அரை மணி நேரம் நடை, ஞாயிறு ஐந்து கிலோமீற்றர். அதற்கடுத்த வாரத்தில் இருந்து ஆறு.